தைப்பூச விரதம்: வீடியோவுக்கு ஒரு பாட்டு, ஒரு பொருள்

முதல் நாள், கொடியேற்றம்

பாலும் தெளிதேனும் பாகும் பருப்புமிவை
நாலும் கலந்துனக்கு நான்தருவேன் – கோலஞ்செய்
துங்கக் கரிமுகத்துத் தூமணியே நீஎனக்குச்
சங்கத் தமிழ்மூன்றும் தா.

பால், தெளிந்த தேன், வெல்லப்பாகு, பருப்பு. நாலையும் கலந்து உனக்குத் தருகிறேன்; அழகிய, உயர்ந்த யானை முகத்துத் தூய மணியே, இயல், இசை, நாடகம் என்ற மூன்று தமிழையும் எனக்குத் தா. நாலைக் கொடுத்து மூன்றைக் கேட்கிறார் ஔவை! வீட்டில் கிரியோல் பேசுகிற மொரீசியஸ் பிள்ளைகள் பிள்ளையாரிடம் இதைப் பாடும்போது, கேட்கிற பொருளே வேறு கனமாகிவிடுகிறது. கொடி ஏறும்போது பாடியவர் என் சித்தி. பின்னால் காகம் கத்துவதை வெட்ட மனம் வரவில்லை.

#தைப்பூசம் #மொரீசியஸ்

மூன்றாம் நாள், மாலை பூசை

நாளென் செயும்வினை தானென் செயும்எனை நாடிவந்த
கோளென் செயும்கொடுங் கூற்றென் செயும்குமரேசர்இரு
தாளும் சிலம்பும் சதங்கையும் தண்டையும் சண்முகமும்
தோளும் கடம்பும் எனக்குமுன் னேவந்து தோன்றிடினே.

அருணகிரிநாதர், கந்தரலங்காரம். நல்ல நாள் கெட்ட நாள் என்னை என்ன செய்யும்? பழைய வினை என்ன செய்யும்? என்னைத் தேடி வந்த கிரகம் என்ன செய்யும்? கொடிய எமன்தான் என்ன செய்வான்? குமரேசரின் இரண்டு பாதமும், சிலம்பும் சதங்கையும் தண்டையும், ஆறு முகமும், தோளும், கடம்ப மாலையும் என் முன்னே வந்து தோன்றினால்!

இரண்டாம் அடியில் மூச்சு விடுகிற இடம் பாருங்கள். ‘குமரேசர் இரு’ என்று நிறுத்தினால், முருகனைக் கொஞ்சம் இருக்கச் சொல்கிற மாதிரி ஆகிவிடும். நானும் பத்து வருடம் அப்படித்தான் பாடினேன். அது ‘இரு தாள்’, இரண்டு பாதம். மூச்சை அடுத்த அடிக்குள் கொண்டுபோங்கள்.

பாதத்தில் தொடங்கி முகம் வரை பார்வை மேலே ஏறுகிறது. விழுந்து கும்பிட்டவன் மெல்லத் தலை தூக்குகிற வரிசை அது. முகத்துக்கு முன்னால் மூன்று கால் அணிகள்: உருவம் தெரிவதற்குள் சத்தம் வந்துவிடுகிறது.

#கந்தரலங்காரம் #முருகன்

நான்காம் நாள் (சின்னத் திருத்தம்)

நேற்றைய வீடியோவின் திரை எழுத்தில் ‘சதங்கை’க்குச் ‘சாதங்கை’ என்று போட்டுவிட்டேன். சொல்லிக்காட்டிய பெரியம்மாவுக்கு நன்றி. ஒரு கால் எழுத்து கூடிப் போச்சு, முருகா.

ஆறாம் நாள், கடற்கரையில்

சொற்றுணை வேதியன் சோதி வானவன்
பொற்றுணைத் திருந்தடி பொருந்தக் கைதொழக்
கற்றுணைப் பூட்டியோர் கடலிற் பாய்ச்சினும்
நற்றுணை யாவது நமச்சி வாயவே.

அப்பர் தேவாரம், நான்காம் திருமுறை. சொல்லுக்குத் துணையான வேதத்தை அருளியவன், சோதி வடிவானவன். அவன் பொன்னடிகளை மனம் பொருந்தக் கைதொழுதால், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினாலும் நல்ல துணையாவது நமச்சிவாய என்ற சொல்.

கல்லோடு கடலில் தள்ளப்பட்ட அப்பர், கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது பெரியபுராணம். அங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில்தான் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், கல்வேலை தெரிந்த தமிழர்கள் அந்தக் கரையிலிருந்து கப்பலேறி போர் லூயி துறைமுகம் வந்து இறங்கினார்கள். கல், கடல், துணை: மூன்றும் அவர்கள் அறிந்த சொற்கள். கப்பலில் இதைப் பாடினார்களா? பாடியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கொரு திருப்தி.

காற்றுச் சத்தம் அதிகம். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.

#தேவாரம் #நமச்சிவாய

ஒன்பதாம் நாள், காவடி கட்டும் இரவு

உருவாய் அருவாய் உளதாய் இலதாய்
மருவாய் மலராய் மணியாய் ஒளியாய்க்
கருவாய் உயிராய்க் கதியாய் விதியாய்க்
குருவாய் வருவாய் அருள்வாய் குகனே.

உருவமும் நீ, உருவமற்றதும் நீ. இருப்பதும் நீ, இல்லாததும் நீ. மணமும் மலரும், மணியும் ஒளியும், கருவும் உயிரும், கதியும் விதியும் நீயே. குருவாக வந்து அருள்வாய், குகனே. தென்னங்குருத்து கிழிக்கிற சத்தம் மட்டும் போதும், இசை சேர்க்கவில்லை.

காவடி நாள்

ஏறுமயி லேறிவிளை யாடுமுகம் ஒன்றே
ஈசருடன் ஞானமொழி பேசுமுகம் ஒன்றே
கூறுமடி யார்கள்வினை தீர்க்குமுகம் ஒன்றே

திருப்புகழ். மயிலேறி விளையாடுகிற முகம் ஒன்று, ஈசனோடு ஞானம் பேசுகிற முகம் ஒன்று, பாடும் அடியாரின் வினை தீர்க்கிற முகம் ஒன்று. மற்ற மூன்றும் அடுத்த வீடியோவில்: மலையைத் துளைத்த முகம், சூரனை வென்ற முகம், வள்ளியை மணக்க வந்த முகம்.

கோர் தெ கார்ட் மலையடியில் தார் ரோடு கொதித்தது. முன்னால் போன அம்மா ஒருவர், பால் செம்பு தலையில் இருக்க, ஒவ்வொரு ‘ஒன்றே’வுக்கும் ஓர் அடி வைத்தார். கேமரா அவர் பாதத்தில்தான் இருக்கிறது.

#காவடி #திருப்புகழ் #மொரீசியஸ்