லாட் 4175, 4181: 30ஸ் கோம்டு நூலில் பட்டை – தரப் புகார், மூல காரண அறிக்கை கோரி

பெறுநர்: தரக்கட்டுப்பாட்டு மேலாளர், நூற்பாலை
நகல்: விற்பனைப் பிரிவு
அனுப்புநர்: கொள்முதல் மற்றும் தரப் பிரிவு, திருப்பூர்
நாள்: 14.07.2025

வணக்கம் சார்,

ஜூன் கடைசியில் நீங்கள் அனுப்பிய 30ஸ் கோம்டு ஹோசைரி நூலில் இரண்டு லாட்டில் பட்டை விழுகிறது. கிரே துணியில் ஒன்றும் தெரியவில்லை. நேவி ப்ளூ சாயம் ஏறி வந்த பிறகுதான், குறுக்கே வெளிறிய கோடாகச் சீரான இடைவெளியில் தெரிகிறது. விவரம் இது:

லாட் 4172 (20 மூட்டை, 1,200 கிலோ): 58 ரோல் ஓட்டினோம், ஒன்றிலும் பட்டை இல்லை.
லாட் 4175 (15 மூட்டை, 900 கிலோ): 44 ரோலில் 15 பழுது, 34.1%. ரோல் எண் 19 முதல் 33 வரை.
லாட் 4181 (20 மூட்டை, 1,200 கிலோ): பாதி நூல் மட்டும் ஓட்டியதில் 30 ரோலில் 11 பழுது, 36.7%. ரோல் எண் 11 முதல் 21 வரை.

மூன்று லாட்டும் ஒரே மெஷினில், ஒரே லூப் லெங்த்தில் ஓடி, ஒரே டையிங்கில் ஒரே ரெசிபியில் சாயம் ஏறியவை. 4172 சுத்தமாக வந்திருக்கிறது. ஆனாலும் "மெஷினில் பாருங்கள்" என்ற பதில் வரும் என்று தெரியும் என்பதால் அதையும் பார்த்துவிட்டோம். எங்கள் மெஷினில் 90 ஃபீடர். கோடு சரியாக 90 வரிசைக்கு ஒரு முறை வருகிறது. 4181-இல் சந்தேகப்பட்ட கோனை 37-ஆம் ஃபீடரிலிருந்து 62-க்கு மாற்றி, சின்னத் துண்டு ஓட்டிச் சாயம் போட்டோம். கோடு கோனோடு சேர்ந்து 62-க்குப் போய்விட்டது. 37-இல் இல்லை. அதே கோனில் கவுண்ட்டும் ட்விஸ்ட்டும் எடுத்தோம். இரண்டும் மற்ற கோன்களைப் போலவே இருக்கின்றன.

அப்புறம் 4181-இல் பிரிக்காமல் வைத்திருந்த 10 மூட்டையையும் யூவி விளக்கில் பார்த்தோம். 240 கோனில் 7 மட்டும் மஞ்சளடித்துத் தனியாகத் தெரிந்தன: 13-ஆம் மூட்டையில் 5, 17-இல் 2. மற்ற 8 மூட்டையும் சுத்தம். அந்த ஏழில் மூன்று கோனின் காகிதக் குழாயில் அச்சும் வேறாக இருக்கிறது. இதை வைத்து நாங்கள் முடிவு கட்டவில்லை. ஆனால் வேறு மிக்ஸிங்கில் ஓடிய கோன் கலந்திருக்கிறது என்றுதான் சந்தேகம்.

240-க்கு 7 என்றால் 2.9%, சின்னக் கணக்காகத் தெரியலாம். ஆனால் 2.5 கிலோ கோன் ஒன்று ஒரு ஃபீடரில் ஏறினால், அது தீரும் வரை இறங்கும் ஏறத்தாழ 11 ரோலும் போச்சு. பழுதான ரோல் எண்கள் தொடர்ச்சியாக வந்திருப்பதும் அதனால்தான். ஆகவே கோன் அளவில் சதவீதம் பேசி இதை முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

எங்களுக்கு வேண்டியது எழுத்துபூர்வமான மூல காரண அறிக்கை. 4175, 4181 ஓடிய நாட்களில் பேல் லேடவுன் எப்போது மாறியது, மாறுவதற்கு முன்னும் பின்னும் மைக்ரோனேர் சராசரி என்ன, லாட் மாறும்போது ஆட்டோகோனரில் மிச்சக் காப்புகளை யார் எப்படி எடுத்தார்கள், பேக்கிங்கில் யூவி சோதனை நடந்ததா, நடந்திருந்தால் எப்படித் தப்பியது என்பதெல்லாம் பதிவேட்டு நகலோடு இருக்க வேண்டும். "ஆள் கவனக்குறைவு, எச்சரித்துவிட்டோம்" என்று ஒரு வரி போட்டு அனுப்பினால் ஏற்க மாட்டோம். கவனம் தவறினாலும் கலக்காதபடி என்ன மாற்றினீர்கள் என்பதுதான் கேள்வி. முதல்கட்டப் பதில் 17.07.2025-க்குள், முழு அறிக்கை 25.07.2025-க்குள் வேண்டும்.

அதுவரை 4181-இல் மீதி 600 கிலோவை ஓட்டாமல் தனியாக வைத்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, 4172 ஓடிய அதே மிக்ஸிங்கில் 600 கிலோ 18.07.2025-க்குள் வந்தால்தான் ஷிப்மெண்ட் தேதியைப் பிடிக்க முடியும். அதே மிக்ஸிங் இருப்பில் இல்லை என்றால் இன்றே சொல்லிவிடுங்கள், வேறு ஏற்பாடு செய்துகொள்கிறோம்.

பழுதான 26 ரோலில் (சுமார் 520 கிலோ) 9 ரோலைக் கறுப்பில் மறுசாயம் போட்டுத் தேற்றிவிடலாம் என்று டையிங்கில் சொல்கிறார்கள். மீதி 17 ரோல், சுமார் 340 கிலோ, இந்த ஆர்டருக்கு உதவாது. இதற்கான நூல் விலை, நிட்டிங், டையிங் கூலி, 9 ரோலின் மறுசாயக் கூலி எல்லாம் சேர்த்து டெபிட் நோட் தனியாக வரும். கட்டிங், தையல் எதுவும் இதில் சேர்க்கவில்லை. துணி கட்டிங்குக்குப் போகும் முன்பே நிறுத்திவிட்டோம்.

ரோல்கள், அந்த 7 கோன்கள், மூட்டைச் சீட்டுகள் எல்லாம் எங்கள் குடோனில் இருக்கின்றன. உங்கள் ஆள் வந்து பார்ப்பதாக இருந்தால் 16 அல்லது 17-ஆம் தேதி காலையில் வரட்டும். யூவி விளக்கில் அவர் முன்னாலேயே காட்டுகிறோம். 2 கோனும் சாயத் துண்டும் இன்று மாலை கூரியரில் அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கொள்முதல் மற்றும் தரப் பிரிவு

இணைப்பு: ரோல் வாரியான ஆய்வுப் பட்டியல், யூவி படங்கள், கவுண்ட் மற்றும் ட்விஸ்ட் சோதனைத் தாள், டெலிவரி சலான் நகல்கள்