கருத்தரங்கக் கையேட்டுக்கான கட்டுரையாளர் குறிப்பு: திருத்திய வடிவம்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பாசன வரலாற்றுக் கருத்தரங்கின் கையேட்டுக்காகத் தாங்கள் தன்மையில் எழுதி அனுப்பிய தன்விவரத்தை, மற்றக் கட்டுரையாளர்களின் குறிப்புகளோடு ஒத்துப்போகும்படி படர்க்கையில் மாற்றி எழுதியுள்ளேன். பெயர் மேலே தனி வரியில் அச்சாகும் என்பதால் குறிப்புக்குள் அது இடம்பெறவில்லை.

“சேரன்மகாதேவியில் வசிக்கும் இவர், பொதுப்பணித் துறையில் பணியாற்றி உதவிப் பொறியாளராக ஓய்வு பெற்றவர். தாமிரபரணிப் பாசனக் கால்வாய்களில் பணிபுரிந்த காலத்தில் குளங்களின் பழைய மடைகள்மீது ஏற்பட்ட ஈடுபாடு, ஓய்வுக்குப் பின் களப்பணியாக வளர்ந்தது. தெளிந்த நீரை மேலுள்ள நீரோடித் துளை வழியாகவும், அடியில் தங்கும் வண்டலைச் சேறோடித் துளைகள் வழியாகவும் வெளியேற்றும் குமிழித் தூம்புகளை அளந்து வரைபடமாக்குவதோடு, மடைத்தூண்களில் காணப்படும் வட்டெழுத்து, தமிழ்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தும் வருகிறார். கல்வெட்டு வாசிப்பை மூத்த ஆய்வாளர்களிடம் பயின்றார். இவரது களப்பணிக்கு அந்தந்த ஊர் விவசாயிகளும் நீர்ப்பாய்ச்சிகளும் துணைநிற்கின்றனர். குமிழித் தூம்புகளின் துளை அளவுகள் குறித்து இக்கருத்தரங்கில் கட்டுரை வழங்குகிறார்.”

“நெல்லைச் சீமையில் மடைக் கல்வெட்டுகளை முதன்முதலில் கண்டறிந்தவன் நான்” என்ற வரியை விட்டுவிட்டேன். முதன்மையை நிலைநாட்ட வேண்டுமானால் 1887இல் தொடங்கும் கல்வெட்டு ஆண்டறிக்கைகளைப் புரட்டியாக வேண்டும். அவையில் அந்த அறிக்கைகளோடே வாழ்நாளைக் கழித்தவர்கள் அமர்ந்திருப்பார்கள். தாங்கள் எடுத்த படிகளும் வரைந்த படங்களும் இருக்கும்போது அந்தச் சொல் தேவையுமில்லை. பொன்னாடைகள், பட்டங்கள் பற்றிய பத்தியையும் அதே காரணத்தால் நீக்கியுள்ளேன். மறுபுறம், “ஏதோ இந்த எளியேனால் இயன்றது” என்ற முடிவுரையும் இல்லை; தாமே சொல்லும்போது பணிவாக ஒலிக்கும் அத்தொடர், கையேட்டில் பிறர் கூற்றாக வரும்போது தங்களைச் சிறுமைப்படுத்துவதாகிவிடும்.

பொருள் சார்ந்த திருத்தம் ஒன்றே. “தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் கட்டிய பாண்டியர் மரபின் மண்ணில் பிறந்தவன்” என்று தொடங்கியிருந்தீர்கள். அவற்றுள் கடைசியான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்தது என்பது தாங்கள் அறியாததன்று. வேகத்தில் எழுதியிருப்பீர்கள் என்று கருதி அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டேன்.

துணைநின்றவர்களைப் பற்றிய வாக்கியம் தங்கள் நன்றியுரையிலிருந்து நான் எடுத்துச் சேர்த்தது. அதற்குத் தங்கள் ஒப்புதல் வேண்டும். கையேடு வரும் வெள்ளிக்கிழமை அச்சுக்குச் செல்வதால், மாற்றம் ஏதேனும் இருப்பின் புதன்கிழமைக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கையேட்டுப் பதிப்பாசிரியர்