தோழியின் முதுகைத் தொட்டு 'கோ' சொல்

நடுவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் சக மாணவர்களுக்கும் வணக்கம். பள்ளி வாழ்வில் விளையாட்டின் அருமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். பள்ளிக் கோ-கோ அணியில் ஆடுகிறேன். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்ப்பாள். துரத்துகிறவள் ஒரு திசையில் ஓடத் தொடங்கிவிட்டால் பாதியில் திரும்பக் கூடாது, வரிசைக்கு நடுவே புகவும் கூடாது. எதிரணிப் பெண் மறுபக்கம் தாவிவிட்டால் ஒரே வழிதான். அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் தோழியின் முதுகைத் தொட்டு, "கோ" என்று உரக்கச் சொல்லி, அவளை எழுப்பிவிட்டு அவள் இடத்தில் நாம் உட்கார்ந்துவிட வேண்டும்.

போன வருடம் குறுவட்டப் போட்டியில் நான் அதைச் செய்யவில்லை. எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் அந்தப் பெண் ஓடினாள். நானே தொட்டுவிடலாம் என்று கம்பம் வரைக்கும் துரத்தினேன். விசில் ஊதிவிட்டார்கள். ஒரே புள்ளியில் தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் யாரும் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் இருந்த தோழி மட்டும், "நான் எந்திரிக்கத் தயாராத்தான்டி இருந்தேன்" என்றாள். ஒரு வருடம் ஆகிறது. அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் பள்ளி மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தோம். தேர்வில் கோட்டைவிட்டால் அது மதிப்பெண் பட்டியலில் அப்படியே நின்றுவிடும். ஆட்டத்தில் தோற்றால் விடிந்ததும் மறுபடி ஆடலாம். தோற்றுப் பழக எங்களுக்கு வேறு இடம் ஏது?

சென்னை கண்ணகி நகர் என்றாலே முகம் சுளித்தவர்கள் உண்டு. அங்கிருந்து கபடி ஆட வந்த கார்த்திகா, 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். இன்று அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஊர்ப் பெயரை நிமிர்ந்து சொல்கிறார்கள். பெரிய மைதானம் இல்லையா? சரி, ஒரு கேரம் பலகை போதும். புதுவண்ணாரப்பேட்டை ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார்.

பெற்றோரிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் அணியில் ஏழாம் வகுப்பில் பதினாறு பேர் இருந்தோம். பத்தாம் வகுப்பு வந்தபோது ஒன்பது பேர். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு எதுக்கு ஓட்டம்" என்று நிறுத்தப்பட்டவர்களில் இருவர் என்னைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள். அவர்களைத் திரும்ப அனுப்புங்கள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று. எங்கள் கால அட்டவணையில் புதன்கிழமை ஏழாவது பாடவேளை விளையாட்டு. தேர்வு நெருங்கினால் அது கணக்குப் பாடமாகிவிடுகிறது. எங்கள் மேல் இருக்கும் அக்கறையால்தான் எடுக்கிறீர்கள், தெரியும். இருந்தாலும், அந்த நாற்பது நிமிடத்தை எங்களுக்கே விட்டுவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.