கவர் மாறிப்போச்சு

செல்வராணிக்கு வேலை மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில், பட்டுச் சேலைப் பிரிவு. சேலையை விரித்துக் காட்டுவது, மடிப்பது, பில் போட அனுப்புவது, அதோடு வாங்கிய சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்து முந்தியில் குஞ்சம் கட்டித் தரச் சொல்பவர்களின் கணக்கும் அவள் பொறுப்பு. சீட்டில் பெயரும் பில் நம்பரும் எழுதிக் கவரில் குத்தி, மாடிப்படிக்குக் கீழே மெஷின் போட்டிருக்கும் காஜா பாயிடம் கொடுப்பாள். தைத்து முடிந்ததும் வாடிக்கையாளருக்குத் தன் போனிலிருந்தே ஒரு தகவல் அனுப்புவாள். அதனால் ஊரில் பாதிக் கல்யாண வீடுகளில் அவள் நம்பர் இருக்கும்.

ஆவணி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜவுளிக்கடை எப்படி இருக்கும் என்பது அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். 2021-ல் சட்டத்தைத் திருத்திக் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று சொன்ன பிறகு கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் வந்திருக்கிறது, அது நிஜமாகவே நல்ல காரியம், மற்ற நாட்களில் அவளுக்கு அதில்தான் இடுப்பு ஆறும். ஆனால் முகூர்த்தச் சீசனில் அந்த ஸ்டூல் மேல் சேலைப் பெட்டிதான் இருக்கும். அன்றைக்கு நின்றபடியே, ஒரு கையில் சேலையும் ஒரு கையில் பேனாவுமாக அவள் இரண்டு சீட்டு எழுதினாள். ஒன்று அரக்கு, ஒன்று மிளகாய்ப்பழச் சிவப்பு. இரண்டிலும் மாங்காய் பார்டர். டியூப்லைட் வெளிச்சத்தில் மடித்து வைத்தால் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும்.

விடியற்காலையில் அவனியாபுரத்தில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுந்து போனைப் பார்த்தபோது, வில்லாபுரத்து டீச்சரிடமிருந்து ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்த ஒரு போட்டோ கிடந்தது. கட்டில் மேல் விரித்த அரக்குச் சேலை. கீழே, "இது என்னுடையது இல்லம்மா, என்னுது சிவப்பு."

குடம் நிறைந்து வழிந்தது. அதை நகர்த்தக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த அரக்குச் சேலை யாருடையது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். திருப்பரங்குன்றத்தில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற இந்திரா அம்மாவுடையது. முகூர்த்தம் இன்றைக்கு, அதுவும் காலையில். முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர் என்பதால் முகூர்த்த நாளில் அங்கே மண்டபத்துக்கு மண்டபம் மேளச் சத்தம்தான். அந்த நெரிசலில் பெண்ணைப் பெற்றவள் தன் கவரைத் திறந்திருக்கவே மாட்டாள். கட்டும்போதுதான் பார்ப்பாள்.

டீச்சருக்கு போன் அடித்தாள். அவர் கோலம் போட எழுந்திருந்தார், உடனே எடுத்தார்.

"யாரும்மா மாத்துனது?"

"கொஞ்சம் குழப்பமாயிருச்சு டீச்சர்" என்றாள் செல்வராணி. "நான் இப்ப வந்து அந்தச் சேலையை வாங்கிக்கிரவா? கல்யாண வீட்டுச் சேலை."

"வா. மடிச்சு எடுத்து வைக்கிறேன்."

இந்திரா அம்மாவுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தாள், எடுக்கவில்லை. தம்பி மணிகண்டனை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்லிவிட்டு, வாசல்படியில் உட்கார்ந்து மெசேஜ் எழுத ஆரம்பித்தாள்.

கடையில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளரிடம் தப்பை ஒத்துக்கொள்ளக் கூடாது. முதலில் வணக்கம், அப்புறம் வாழ்த்து, அப்புறம் கூட்டம், கரண்ட், கம்ப்யூட்டர் என்று எதையாவது சொல்லி, கடைசியில் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்க வேண்டும். செல்வராணியின் விரலும் அதே பழக்கத்தில் ஓடியது.

"வணக்கம் மேடம். தங்கள் இல்லத் திருமண விழா சீரும் சிறப்புமாக நடைபெற எங்கள் கடையின் சார்பில் மனமார்ந்த வாழ்த்துகள். நேற்று முகூர்த்தக் கூட்டம் அதிகமாக இருந்த காரணத்தாலும், தையல் பிரிவில் ஏற்பட்ட சிறு குளறுபடி காரணமாகவும்,"

அந்த இடத்தில் நின்றாள். தையல் பிரிவு என்றால் காஜா பாய் ஒருத்தர்தான். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு ஊசியில் நூல் கோக்கும் மனிதர், சேலையின் நிறத்துக்குச் சேராத நூல் என்றால் ஃபால்ஸைத் தைக்காமல் திருப்பிக் கொடுப்பவர். வந்த கவரில் வந்த சேலையைத்தான் அவர் தைத்தார். சீட்டு எழுதியது அவள். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது, சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அண்ணாச்சி காதுக்கு இது போனால் அந்த மெஷினில் வேறு ஆள் உட்கார ஒரு நாள் போதும்.

ஆனாலும் அவள் அழிக்கவில்லை, அதுதான் உண்மை. பயம் அப்படி. "குளறுபடி" என்பதை "தாமதம்" என்று மாற்றினாள், பிறகு அதுவும் சரியில்லை என்று "எதிர்பாராத சூழ்நிலை" என்று போட்டாள். மணி நாலரை ஆகப் போனது.

மணிகண்டன் வண்டியை உதைத்துக்கொண்டே கேட்டான், "அனுப்பிட்டியா?"

"இரு, எழுதிக்கிட்டு இருக்கேன்."

அவன் எட்டிப் பார்த்தான். தூக்கக் கண்ணோடு மேலிருந்து கீழே படித்தான்.

"ஏக்கா, சேலை எங்க இருக்குன்னே இதுல இல்லையே."

மறுபடி படித்துப் பார்த்தாள். இல்லைதான். அவ்வளவு எழுதியும், அந்த அம்மாவுக்கு இந்த நேரத்தில் தெரிய வேண்டிய ஒரே சங்கதி அதில் இல்லை. வாழ்த்து இருந்தது, கடையின் பெயர் இருந்தது, கூட்டம் இருந்தது. அந்த எழுத்து முழுக்க செல்வராணி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதியது, இந்திரா அம்மாவுக்காக ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

மொத்தத்தையும் அழித்துவிட்டு எழுதினாள்.

"அம்மா, நேத்து நான் சேலையை மாத்திக் கொடுத்துட்டேன். உங்க அரக்குச் சேலை வில்லாபுரத்துல ஒரு டீச்சர் வீட்ல பத்திரமா இருக்கு. அஞ்சரைக்குள்ள மண்டபத்துல கொண்டாந்து தர்றேன். மன்னிச்சுக்கங்க. செல்வராணி, ஜவுளிக்கடை."

அனுப்பிவிட்டு வண்டியில் ஏறிவிட்டாள். இன்னொரு தரம் படித்தால் கை மறுபடி எதையாவது சேர்த்துவிடும் என்று தெரியும்.

டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார். குஞ்சம் சிக்கிக்கொள்ளாமல் இருக்க முந்தியை ஒரு பழைய துண்டில் சுற்றி, அதற்கு மேல் சேலையை மடித்து வைத்திருந்தார். அதை வாங்கும்போது செல்வராணி தானாகவே சொன்னாள், "டீச்சர், குழப்பமெல்லாம் ஒண்ணுமில்ல. சீட்டை மாத்திக் குத்துனது நான்தான்."

"அது தெரியும், உன் கையெழுத்துதானே" என்றார் டீச்சர். "என் சேலைக்கு அவசரமில்ல, ஞாயித்துக்கிழமைதான் வேணும். நீ கிளம்பு."

வண்டி அவனியாபுரத்தைத் தாண்டித் திருப்பரங்குன்றம் சாலையில் திரும்பியபோது போன் அதிர்ந்தது. பின்னால் உட்கார்ந்தபடியே பார்த்தாள். "சரி வா. தாலி கட்டு ஆறே முக்கால். பின்வாசல் வழியா வா."

அதில் கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. வழி நெடுக அவள் அந்த மூன்று வாக்கியத்தையே பார்த்துக்கொண்டு போனாள்.

பின்வாசலில் பாத்திரம் கழுவும் சத்தம், சாம்பார் வாசம். பெண் வீட்டாரின் அறையில் இந்திரா அம்மா வீட்டிலிருந்து கட்டி வந்த நூல் சேலையில் இருந்தார். ஆனால் ரவிக்கை மட்டும் அரக்கு, மாங்காய் பார்டர் வைத்துத் தைத்தது, போட்டுத் தயாராகிவிட்டார். அதைப் பார்த்ததும் செல்வராணிக்குத் தொண்டை அடைத்தது. சிவப்புச் சேலையை விரித்து அந்த ரவிக்கையோடு வைத்துப் பார்த்திருந்தால் அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும்!

"அம்மா..." என்று ஆரம்பித்தாள்.

"இப்ப ஒண்ணும் பேசாத. கொசுவத்தைப் பிடி."

செல்வராணி மண்டி போட்டு உட்கார்ந்து கொசுவத்தைப் பிடித்து நீவிவிட்டாள். கீழே ஃபால்ஸ் நேராக விழுந்தது, ஒரு தையல்கூட மேலே தெரியவில்லை, காஜா பாயின் வேலை அப்படி. நாத்தனார் பின் குத்திக்கொண்டிருந்தபோது இந்திரா அம்மாவே பேசினார்.

"எனக்குத் தலை பின்னிக்கிட்டு இருந்தாங்க. அண்ணன் மகதான் போனைப் பார்த்து வாசிச்சா. மாத்திக் கொடுத்துட்டேன்னதும் நெஞ்சு திக்குன்னுச்சு, ஏசத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள சேலை எங்க இருக்கு, எத்தனை மணிக்கு வரும்னு அவளே வாசிச்சு முடிச்சுட்டா. சரி, வந்துரும்னு காபியைக் குடிச்சேன்."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"அதான் எழுதிட்டியே. பூக்காரர் ராத்திரி ஒரு மெசேஜ் போட்டாரு பாரு, முழக்கணக்கில. அஞ்சு பேரு படிச்சுட்டோம், மாலை வருதா இல்லையான்னு யாருக்கும் விளங்கல. எங்க வீட்டு ஆளு நேர்ல போயிருக்காரு."

சிவப்புச் சேலை இருந்த கவரை அண்ணன் மகள் கொண்டுவந்து கொடுத்தாள், பிரிக்காமலே இருந்தது. டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். இல்லைம்மா, கடைக்கு நேரமாச்சு என்று கிளம்பியவளைப் பந்தியில் உட்கார வைத்துத்தான் விட்டார்கள், மணிகண்டன் இரண்டு தரம் பொங்கல் வாங்கினான்.

கைகழுவிவிட்டு வந்து, வண்டி நிறுத்தத்தில் நின்றபடியே அண்ணாச்சிக்கும் எழுதினாள். இந்தத் தடவை வணக்கம், வாழ்த்து என்று கை போகவில்லை. "அண்ணாச்சி, நேத்து ரெண்டு சேலைக்குச் சீட்டை மாத்திக் குத்திட்டேன். கல்யாண வீட்டுச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். டீச்சர் சேலையைக் கொடுத்துட்டு கடைக்கு வர்றேன்." பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அவர் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுவார்.

கடைக்குள் நுழையும்போது அண்ணாச்சி மாடிப்படிக்குக் கீழே நின்று, "என்ன பாய், கவனமா இருக்க வேணாமா?" என்று ஆரம்பித்திருந்தார். மெசேஜைப் பாதிதான் படித்திருப்பார் போலிருக்கிறது, அல்லது பாயைக் கேட்டுப் பழகிவிட்டது. காஜா பாய் மெஷினை நிறுத்திவிட்டு ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, பாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. சீட்டு எழுதுனது நான்."

பக்கத்தில் இருந்த பெண்கள் மடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அண்ணாச்சி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்து இன்சென்டிவ் உனக்குக் கிடையாது."

"சரிங்கண்ணாச்சி."

"இனிமே கவர்ல குத்த வேணாம். சீட்டைச் சேலையோட முந்தியிலயே நூல் போட்டுக் கட்டு."

"அதுக்கு நூல் நான் தர்றேன்" என்றார் காஜா பாய், மெஷினை மறுபடி மிதித்துக்கொண்டே. "பட்டுல முள்ளு ஊசி குத்திராதம்மா, இழை போயிரும்."

வாசலில் ஒரு கல்யாணக் கூட்டம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அவர்களை வரவேற்கப் போனார், செல்வராணி சேலைப் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதல் சீட்டை எழுதினாள்.