முதல் சம்பளம் மாதக் கடைசி வரை வரட்டும்

வாடகை, கடன் தவணை, சேமிப்பு எல்லாவற்றையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, இன்று நீங்கள் கவலையில்லாமல் செலவழிக்கக்கூடிய தொகையை ஒரே எண்ணில் காட்டும் செயலி, கைக்கணக்கு. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்குபவர்களுக்காகவே செய்தது.

[என் கணக்கைத் தொடங்குகிறேன்]
தொடங்க இரண்டு விவரங்கள் போதும்: கைக்கு வந்த சம்பளம், அடுத்த சம்பளத் தேதி.

வங்கி காட்டும் இருப்பு முழுவதும் உங்கள் செலவுக்கு அல்ல

சம்பளம் வந்த அன்று கணக்கில் பெரிய தொகை தெரியும். அதில் பெரும்பகுதிக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. சம்பளத்தை 100 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை 30, வீட்டுக்கு அனுப்புவது 10, படிப்புக் கடன் தவணை 10, போக்குவரத்தும் போன் கட்டணமும் 10, சேமிப்பு 10. மிச்சம் 30 பங்கு. சாப்பாடு, துணிமணி, நண்பர்களோடு வெளியே போவது எல்லாம் அதற்குள்தான். 30 நாள் மாதம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு பங்கு.

முதல் பத்து நாளில் 15 பங்கு போய்விட்டதா? மீதி 20 நாளுக்கு 15 பங்குதான் உண்டு. பதினோராம் நாள் காலையில் கைக்கணக்கு "முக்கால் பங்கு" என்று காட்டும். குற்றம் சொல்லாது, சிவப்பில் எச்சரிக்காது. இன்றிலிருந்து எவ்வளவு என்பதை மட்டும் சொல்லும். மாதம் கைமீறுவதற்கு முன், திருத்திக்கொள்ள இன்னும் நாள் இருக்கும்போதே தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் செயலியையே உருவாக்கினோம்.

பேசிய சம்பளம் வேறு, கைக்கு வரும் சம்பளம் வேறு

பணி நியமனக் கடிதத்தில் உள்ள தொகையை வைத்துத் திட்டம் போடாதீர்கள். வரியும் மற்றப் பிடித்தங்களும் போக வருவதை வைத்துத்தான் கைக்கணக்கு கணக்குப் போடுகிறது. மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் சம்பளம் அரைகுறையாக வரலாம். அதை அப்படியே பதியுங்கள்; அந்த மாதத்துக்கு மட்டும் தனித் திட்டம் கிடைக்கும்.

மிச்சம் பிடிப்பதற்குக் காத்திருக்காமல், முதலில் எடுத்து வையுங்கள்

செலவெல்லாம் போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று இருந்தால் பெரும்பாலும் எதுவும் மிஞ்சாது. அதனால் சம்பள நாளன்றே உங்கள் சேமிப்புப் பங்கைச் செலவுக் கணக்கிலிருந்து விலக்கிவிடுகிறோம். 5 சதவீதத்தில் தொடங்கினாலும் சரி. முதல் இலக்கு, ஒரு மாதச் செலவுக்கான அவசரப் பணம். அது சேர்ந்தபின் மூன்று மாதம், பிறகு ஆறு மாதம். திடீரென்று வேலை போனாலும், மருத்துவச் செலவு வந்தாலும் கடன் கேட்டு நிற்காமல் இருக்க இந்தப் பணம் வேண்டும். முதல் வேலையில் இதைவிட முக்கியமான சேமிப்பு வேறில்லை என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆண்டுக்கு ஒருமுறை வந்து மாதத்தைக் கவிழ்க்கும் செலவுகள்

காப்பீட்டுத் தவணை, வாகனப் பராமரிப்பு, ஆண்டுச் சந்தா. இவற்றைப் பதிந்தால் 12-ஆல் வகுத்து மாதாமாதம் ஒதுக்கிக்கொண்டே வருவோம். இலவசச் சோதனைக் காலம் முடிந்து தானாகப் பணம் பிடிக்கத் தொடங்கும் சந்தாக்களுக்கு, மூன்று நாள் முன்பே நினைவூட்டல் வரும்.

கடன் அட்டையில் செலவழித்தால், அன்றே கழித்துவிடுகிறோம்

பில் அடுத்த மாதம் வந்தாலும் பணம் இந்த மாதமே போனதாகத்தான் கணக்கு. பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று இருக்கும். அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, ஆனால் பாக்கிக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முழுத் தொகையும் பில் தேதிக்குள் தயாராக இருக்கும்படி கைக்கணக்கு தனியே எடுத்து வைக்கிறது.

உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டோம்

செலவை நீங்களே பதிகிறீர்கள்: தொகை, வகை, முடிந்தது. ஒவ்வொரு செலவையும் கையால் பதிவது சிறிய வேலைதான், ஆனால் பணம் எங்கே போகிறது என்பது அப்போதுதான் மனதில் பதிகிறது.

சம்பளம் உயரும் மாதத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்போம்

"உயர்ந்த தொகையில் எவ்வளவு சேமிப்புக்கு?" பாதி என்று வைத்தால், செலவுக்கும் கூடுதலாகக் கிடைக்கும், சேமிப்பும் வளரும். விடையை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

[இந்த மாதச் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன்]
மாத நடுவிலும் தொடங்கலாம். இன்று கையில் இருக்கும் தொகையைப் பதியுங்கள்; மீதி நாட்களுக்கு அங்கிருந்தே கணக்குப் போடுகிறோம்.