பயத்தோடவே வாங்க

எல்லாருக்கும் வணக்கம். டீ இடைவேளையில் கால் மணி நேரம் கேட்டு வாங்கியிருக்கிறேன், டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை நம் கேன்டீன் ஷெட்டில் ரத்த தான முகாம். அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து டாக்டரும் நர்சுகளும் வருகிறார்கள். இந்த வாரம் முழுக்கப் பவர் டேபிள், கட்டிங், செக்கிங் என்று ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பேசினேன். "கொடுக்கலாம்ணா, ஆனா பயமா இருக்கு" என்றுதான் நிறையப் பேர் சொன்னார்கள். அந்தப் பயத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எனக்கும் அது இருந்தது. 2003-இல் என் தங்கைக்குப் பிரசவம் முடிந்து ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் வேண்டும் என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, வராந்தாவில் எங்கள் வீட்டு ஆம்பளைகள் ஒன்பது பேர் நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். ரத்த வங்கியில் இருப்பு இருந்தது, நாலு யூனிட் ஏற்றினார்கள், அவள் பிழைத்தாள். அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே நான் போய்ப் படுத்தேன். அப்போதும் பயந்துகொண்டேதான் படுத்தேன். அதனால் பயத்தை விட்டுவிட்டு வாங்க என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் முதலில் கேட்பது, உடம்பு பலவீனமாகிவிடுமா, திங்கட்கிழமை மிஷினில் உட்கார முடியுமா என்பதுதான். நம் உடம்பில் ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய 70 மில்லி ரத்தம் இருக்கிறது. 60 கிலோ எடை உள்ளவருக்கு நாலு லிட்டருக்கு மேல் வரும். அதில் எடுப்பது 350 மில்லி. 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுக்கலாம். போன நீர்ப்பகுதியை உடம்பு ஒன்றிரண்டு நாளில் நிரப்பிக்கொள்ளும். சிவப்பணுக்கள் முழுசாகத் திரும்ப நாலைந்து வாரம் ஆகும். அதனால்தான் ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நாலு மாதம் இடைவெளி விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். டெய்லர்கள் மறுநாள் தாராளமாகத் தைக்கலாம். பண்டல் தூக்கும் தம்பிகள் மட்டும் அன்று முழுக்க அந்தக் கையால் பாரம் தூக்க வேண்டாம். முகாமை ஞாயிற்றுக்கிழமை வைத்ததே அதற்காகத்தான்.

ஒரு தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டார். கல்யாணம் ஆகப்போகிறது, ஆண்மை குறையுமா என்று. கேட்டதற்கு அவரைப் பாராட்டுகிறேன். மனசுக்குள் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே இன்னும் பத்துப் பேராவது இருப்பார்கள். குறையாது. ரத்தம் கொடுப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஊசி வலிக்குமா? வலிக்கும். குத்தும்போது சுருக்கென்று இருக்கும், சாதாரண ஊசியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசி அது. அப்புறம் எட்டுப் பத்து நிமிஷம் பந்தை அமுக்கிக்கொண்டு படுத்திருந்தால் முடிந்தது. ஊசி ரத்தம் பிடிக்கும் பையோடு சேர்ந்தே வரும். ஒருவருக்குக் குத்தியது இன்னொருவருக்குப் போகாது. உறையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள், பிரித்துக் காட்டுவார்கள். ரத்தம் கொடுப்பதால் உங்களுக்கு எந்த நோயும் தொற்றாது.

மயக்கம் வருமா? சிலருக்கு வரும், மறைக்கவில்லை. வெறும் வயிறு, தூக்கமின்மை, பயம், சட்டென்று எழுந்திருப்பது, பெரும்பாலும் இவைதான் காரணம். காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்தால் சில நிமிஷத்தில் சரியாகிவிடும். ஆகவே காலையில் இட்லியோ தோசையோ நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாங்க. கொடுத்து முடிந்ததும் பிஸ்கட், ஜூஸ் சாப்பிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். உடனே பைக்கை எடுக்காதீர்கள். இன்றைக்கு நைட் ஷிப்ட் பார்ப்பவர்கள் நாளை கொடுக்க வேண்டாம், தூங்காத உடம்பில் எடுக்க மாட்டார்கள். இன்றிரவு மது குடிப்பவர்களுக்கும் அதேதான். கம்பெனி வேன் ஓட்டும் அண்ணன்மார், அடுத்த டியூட்டிக்கு 24 மணி நேரம் இருந்தால் மட்டும் வாங்க.

அக்கா தங்கச்சிகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். விரலில் குத்தி ஹீமோகுளோபின் பார்ப்பார்கள். 12.5 இருக்க வேண்டும். நம் நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது, நம் ஷெட்டிலும் நிறையப் பேருக்கு இருக்கும். "உங்களுக்கு வேண்டாம்மா" என்று திருப்பி அனுப்பினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டாக்டரிடம் அங்கேயே பேசுங்கள், மாத்திரைக்கு வழி சொல்வார். மாதவிலக்கு நாளிலும், தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும், பிரசவமாகி ஒரு வருஷம் ஆகாதபோதும் கொடுக்கக் கூடாது. எடை 45 கிலோவாவது வேண்டும்.

சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் நமக்கு ஆகாது என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். கட்டுக்குள் இருந்து, கடந்த ஒரு மாதமாக மாத்திரையை மாற்றாமல் இருந்தால் பலர் கொடுக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் கூடாது. எந்த மாத்திரை என்று டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் முடிவு செய்யட்டும்.

இனி, யாரும் சத்தமாகக் கேட்காத ஒரு பயம். "டெஸ்ட்டில் ஏதாவது வந்தால் கம்பெனிக்கே தெரிந்துவிடுமே." தெரியாது. எச்ஐவி, மஞ்சள் காமாலையின் பி, சி வகைகள், சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பையையும் சோதிப்பார்கள். ஏதாவது இருந்தால் ரத்த வங்கி உங்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லும். ஆனால் ஒன்று. நோய் தொற்றிய புதிதில் டெஸ்ட்டிலும் தெரியாமல் போகலாம். அந்த ரத்தம் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் போய்விடக் கூடாது. அதனால்தான் படிவத்தில் அந்தரங்கமான கேள்விகள் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள். சொல்ல மனமில்லை என்றால் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள். நான் ஏன் என்று கேட்க மாட்டேன், உங்கள் சூப்பர்வைசரும் கேட்கக் கூடாது. அதை ஆபீசில் பேசிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கொடுத்ததை விற்றுவிடுவார்களா என்று செக்கிங் அக்கா ஒருவர் கேட்டார். ரத்தத்தைக் காசுக்குக் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி 1 முதல் தடை. தனியார் மருத்துவமனையில் வாங்கும் பணம் பைக்கும் பரிசோதனைக்கும் பிரித்தெடுப்பதற்கும்தான், அதற்கும் அரசு உச்ச வரம்பு வைத்திருக்கிறது. நாளை நாம் கொடுப்பது அரசு ரத்த வங்கிக்கு. அங்கே ஒரு பையைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என்று பிரிப்பார்கள். தட்டணு ஐந்து நாள்தான் தாங்கும், சிவப்பணு அதிகபட்சம் 42 நாள். ஒரு தடவை சேர்த்து வைத்து வருஷம் முழுக்க ஓட்ட முடியாது. டெங்கு சீசனில் தட்டணு கேட்டு ஜனங்கள் வெளியே அலைகிறார்களே, அது இதனால்தான்.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பிக்கிறோம், ஒரு மணி வரை இருப்போம். ஆதார் அட்டை எடுத்து வாங்க. ஒடிசா, பீகார் தம்பிகளுக்கு இந்தியில் விளக்க ஒருவரை வாசலிலேயே உட்கார வைக்கிறோம், பக்கத்து மிஷினில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள். கட்டாயம் யாருக்கும் இல்லை. வந்து பார்த்துவிட்டு, டாக்டரிடம் ரெண்டு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பிப் போனாலும் எனக்குச் சந்தோஷம்தான். பெல் அடிக்க இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கிறது. என்னிடம் தனியாகக் கேட்க வேண்டியவர்கள் தண்ணீர் டேங்க் பக்கம் வாங்க, அங்கேதான் நிற்பேன்.