நாமினி இல்லாத பாலிசிக்கு வாரிசுதாரர் கோரிக்கை

மாரண்டஅள்ளி,
03.03.2025

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
ஆயுள் காப்பீட்டுக் கிளை அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: காலஞ்சென்ற மா. முனுசாமி, பாலிசி எண் 704118263, ரூ.4,00,000. இறப்புத் தொகையை வாரிசுகளுக்கு வழங்கக் கோருதல்.

ஐயா,

என் கணவர் முனுசாமி 11.01.2025 அன்று மாரடைப்பால் வீட்டிலேயே காலமானார். 2017 ஜூனில் எடுத்த இந்தப் பாலிசிக்கு ஒரு தவணைகூட விடாமல் கட்டியிருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது என்பதால் நாமினி பகுதியைக் காலியாக விட்டிருந்தார். "உன் பேரைச் சேர்த்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், தக்காளி மண்டிக்கும் தோட்டத்துக்கும் அலைந்ததில் அதைச் செய்யாமலே போய்விட்டார்.

பாலக்கோடு வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் நான்கு பேர் இருக்கிறோம்: நான், என் மகன் (வயது 6), மகள் (வயது 3), என் மாமியார் மாதம்மாள். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956-ன்படி மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சம பங்கு. ஆகவே முழுத் தொகையையும் என் பெயருக்கு மட்டும் கேட்கவில்லை. மாமியாரின் கால் பங்கை அவர் கணக்கிலேயே செலுத்துங்கள். பிள்ளைகளின் பங்கை, நான் காப்பாளராக உள்ள அவர்களது வங்கிக் கணக்குகளில் செலுத்தக் கேட்கிறேன். அதில் கை வைக்க எனக்கும் விருப்பமில்லை.

இத்துடன் அசல் பாலிசி பத்திரம், இறப்புச் சான்றிதழ், பூர்த்தி செய்த கிளைம் படிவம், வாரிசுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் ஆதார், பான், பாஸ்புக் நகல்கள், ரத்து செய்த காசோலை ஆகியவற்றை இணைத்துள்ளேன். நோயால் நேர்ந்த இறப்பு என்பதால் போலீஸ் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எதுவும் இல்லை. ஆதாரில் அவர் பெயர் "முனிசாமி" என்று இருக்கிறது. இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறேன்.

எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை. மாமியாரும் நானும் சேர்ந்து எழுதிய உறுதிமொழிப் பத்திரமும், வேறு யாராவது உரிமை கோரினால் நாங்களே பொறுப்பு என்று முத்திரைத் தாளில் எழுதி ஜாமீன்தாரர் கையொப்பமிட்ட ஈட்டுறுதிப் பத்திரமும் தந்துள்ளோம். இவற்றை ஏற்று, நீதிமன்ற வாரிசுரிமைச் சான்று கேட்காமல் தொகையை வழங்க உங்கள் விதிகளில் இடம் இருந்தால், தயவுசெய்து அப்படியே செய்யுங்கள். பாகத்தகராறு இல்லாத வீட்டுக்கு அந்த வழக்குச் செலவும் நாட்களும் பெரிய சுமை. பிள்ளைகள் மைனர் என்பதாலோ தொகையின் அளவாலோ அந்தச் சான்று கட்டாயம் என்றால், அதை எழுத்தில் தாருங்கள். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-ன் கீழ் மனுப் போடும்போது அந்தக் கடிதத்தையும் வைக்க வேண்டியிருக்கும். அப்புறம், போனஸ் சேர்த்து மொத்தம் எவ்வளவு வரும் என்பதையும் குறிப்பிட வேண்டுகிறேன். மனுவில் தொகையைக் காட்ட அது தேவை.

வேறு ஏதும் காகிதம் குறைந்தால் ஒரே தடவையில் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மாரண்டஅள்ளியிலிருந்து அடிக்கடி வர முடியவில்லை.

இப்படிக்கு,
மு. செல்வி
(மனைவி, மைனர் பிள்ளைகளின் காப்பாளர்)

சம்மதம்: மாதம்மாள், இடது பெருவிரல் ரேகை